பேட்டரி நிறைந்த பின் சோலாரை அடக்கும் ஹெர்ட்ஸ் கணக்கு

கேள்வி: சார், எங்கள் வீட்டில் 5 கிலோவாட் சோலார் இன்வெர்ட்டர் முதலிலிருந்தே இருக்கிறது. பிற்பாடு 5 கேவிஏ பேட்டரி இன்வெர்ட்டரும், 10 யூனிட் பிடிக்கும் 48 வோல்ட் லித்தியம் பேட்டரியும் சேர்த்தோம். கரண்ட் போனாலும் சோலார் ஓடும் என்றார்கள், ஓடுகிறது. ஆனால் மத்தியானம் பேட்டரி 100 சதவீதம் இருக்கும்போது கரண்ட் போனால், சோலார் ஐந்து நிமிடம் நிற்கிறது, ஒரு நிமிடம் போல வருகிறது, மறுபடி நிற்கிறது. கம்ப்யூட்டர் யூபிஎஸ் கத்திக்கொண்டே இருக்கிறது. ஏசி ஓடினால் மட்டும் இந்தத் தொல்லை இல்லை. ஒருமுறை வாட்டர் ஹீட்டரை அணைத்த நொடியில் வீடு முழுக்க இருண்டுவிட்டது. பொருத்தியவரிடம் கேட்டதற்கு "அது ஃப்ரீக்வென்சி ஷிப்ட், அப்படித்தான் வேலை செய்யும்" என்று சொல்லி, சோலார் இன்வெர்ட்டரின் செட்டிங் படம் ஒன்றை அனுப்பினார். அதில் 50.2 ஹெர்ட்ஸ் தொடக்கம், 5% ட்ரூப், 51.5 ஹெர்ட்ஸ் கட்-ஆஃப், 300 நொடி காத்திருப்பு என்று இருக்கிறது. பேட்டரியின் ஃபுல் சார்ஜ் வோல்டேஜ் 57.6. இது இப்படித்தான் இருக்குமா?

பதில்: இல்லை, இப்படி இருக்கக் கூடாது. ஃப்ரீக்வென்சி ஷிப்ட் ஒழுங்காக வேலை செய்தால் சோலார் நிற்கவே நிற்காது. வீட்டுக்கு எவ்வளவு வேண்டுமோ அந்த அளவுக்குத் தன்னைக் குறைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும். உங்கள் வீட்டில் அது பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. ஏன் என்பது நீங்கள் அனுப்பிய எண்களிலேயே இருக்கிறது. ஏசி ஓடும்போது தொல்லை இல்லை என்று எழுதியதற்கு நன்றி. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

கரண்ட் போனதும் உங்கள் பேட்டரி இன்வெர்ட்டர் வெளி லைனிலிருந்து வீட்டைப் பிரித்துவிட்டு, உள்ளே தானே ஒரு 50 ஹெர்ட்ஸ் லைனை உருவாக்குகிறது. சோலார் இன்வெர்ட்டர் அதை வெளிக் கரண்ட் என்றே எடுத்துக்கொண்டு தன் மின்சாரத்தைத் தள்ளுகிறது. அது வெறும் கிரிட்-டை இன்வெர்ட்டர். வீட்டில் எவ்வளவு லோடு இருக்கிறது, பேட்டரி நிறைந்ததா என்று அதற்குத் தெரியாது. வீடு எடுத்தது போக மிச்சம் பேட்டரி இன்வெர்ட்டர் வழியே பின்னோக்கிப் பாய்ந்து பேட்டரியில் ஏறும். பேட்டரியில் இடம் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. இடம் தீர்ந்ததும் சோலாரைக் குறைக்கச் சொல்லியாக வேண்டும். இரண்டு இன்வெர்ட்டருக்கும் நடுவே உங்கள் வீட்டில் தகவல் கேபிள் எதுவும் இல்லை. பொதுவாக இருப்பது ஏசி லைன் மட்டும்தான். அந்த லைனின் ஹெர்ட்ஸ் பேட்டரி இன்வெர்ட்டர் கையில் இருக்கிறது. அதனால் அது ஹெர்ட்ஸை மெல்ல உயர்த்துகிறது. ஹெர்ட்ஸ் உயர்ந்தால் உற்பத்தியைக் குறைக்க வேண்டும் என்ற விதி சோலார் இன்வெர்ட்டருக்குள் இருக்கிறது. எவ்வளவு உயர்ந்தால் எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதுதான் உங்கள் படத்தில் உள்ள "5% ட்ரூப்".

அதைப் பிரித்துப் பார்ப்போம். 50 ஹெர்ட்ஸில் 5% என்றால் 2.5 ஹெர்ட்ஸ். அதாவது 50.2-இல் குறைக்க ஆரம்பித்து, முழுதாகப் பூஜ்யத்துக்கு வர இன்னும் 2.5 ஹெர்ட்ஸ் ஏற வேண்டும்; 52.7 வரை போக வேண்டும். ஒரு ஹெர்ட்ஸுக்கு 40 சதவீதம் குறைகிறது என்று சொன்னாலும் அதேதான். ஆனால் அதே இன்வெர்ட்டர் 51.5-ஐத் தாண்டினால் மொத்தமாகக் கட் ஆகிவிடும் என்றும் எழுதியிருக்கிறது. 50.2-க்கும் 51.5-க்கும் நடுவே இருப்பது 1.3 ஹெர்ட்ஸ். அதில் குறைக்க முடிவது 52 சதவீதம்தான். மீதி 48 சதவீதத்தைக் குறைக்க வழியே இல்லை. அதற்குள் கட்-ஆஃப் வந்துவிடுகிறது.

இப்போது உங்கள் மத்தியானத்தைப் பார்ப்போம். நல்ல வெயிலில் 5 கிலோவாட் இன்வெர்ட்டர் 4 கிலோவாட் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஃப்ரிட்ஜ், மின்விசிறி, விளக்கு, கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 600 வாட். பேட்டரி நிறைந்துவிட்டது. ஆக சோலார் 4 கிலோவாட்டிலிருந்து 600 வாட்டுக்கு, அதாவது 15 சதவீதத்துக்கு இறங்க வேண்டும். 85 சதவீதம் குறைய, ஒரு ஹெர்ட்ஸுக்கு 40 என்ற கணக்கில் 2.1 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேல் ஏற வேண்டும்; லைன் 52.3-ஐத் தொட வேண்டும். அங்கே போகும் முன்பே 51.5-இல் சோலார் விழுந்துவிடுகிறது. அந்த நேரத்திலும் அது 1.9 கிலோவாட் தந்துகொண்டிருக்கும்.

ஏசி ஓடும்போது என்ன ஆகிறது? வீட்டு லோடு 2.2 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோலார் 55 சதவீதத்துக்கு இறங்கினால் போதும். 45 சதவீதம் குறைய 1.1 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேல், லைன் 51.3-இல் நிற்கும். கட்-ஆஃபுக்குக் கீழே இருப்பதால் எல்லாம் அமைதியாக ஓடுகிறது. அந்த 1.9 கிலோவாட்தான் உங்கள் வீட்டின் எல்லைக்கோடு. லோடு அதற்கு மேல் இருந்தால் சோலார் விழாமல் ஓடும், கீழே போனால் விழும். ஏசி கம்ப்ரசர் தானாக ஓய்வெடுக்கும் சமயத்தில்கூட விழ வாய்ப்பு உண்டு, கவனித்துப் பாருங்கள்.

ஐந்து நிமிட ஓய்வும் ஒரு நிமிட ஓட்டமும்கூட இதே கணக்குதான். கட் ஆன சோலார் இன்வெர்ட்டர், லைன் ஒழுங்காக இருக்கிறதா என்று 300 நொடி பார்த்துவிட்டுத்தான் திரும்பச் சேரும். அந்த ஐந்து நிமிடம் வீடு பேட்டரியிலிருந்து 600 வாட் எடுக்கிறது. மொத்தம் 50 வாட்-மணி காலியாகிறது. சோலார் திரும்பியதும் 3.4 கிலோவாட் மிச்சம் பேட்டரிக்குள் போகிறது. 50 வாட்-மணி இடத்தை அது ஒரு நிமிடத்துக்குள் நிரப்பிவிடும். மறுபடி ஹெர்ட்ஸ் ஏறும், மறுபடி கட். உங்கள் சோலார் திரும்பச் சேர்ந்ததும் மெதுவாக ஏறாமல் சட்டென்று முழு அளவுக்கு வந்துவிடுகிறது என்பதும் இதிலிருந்து தெரிகிறது. மெதுவாக ஏறும் வகை என்றால் 600 வாட்டைத் தாண்டும் இடத்திலேயே சமன்பட்டுவிட வாய்ப்பு அதிகம்.

இப்படி அரைகுறையான ஒரு விதியை ஏன் வைத்தார்கள் என்று தோன்றும். ட்ரூப் என்ற இந்தச் சரிவு வீட்டுக்காக வைத்ததே அல்ல. ஜெர்மனியில் முன்பு சோலார் இன்வெர்ட்டர்கள் எல்லாம் 50.2 ஹெர்ட்ஸ் வந்தால் ஒரே நேரத்தில் கட் ஆகும்படி அமைக்கப்பட்டிருந்தன. கூரைகளில் சோலார் பெருகியபோது, ஒருநாள் லைன் 50.2-ஐத் தொட்டால் பல ஆயிரம் மெகாவாட் ஒரே நொடியில் காணாமல் போய் மின்கட்டமைப்பே சாயும் என்ற பயம் வந்தது. அதனால் ஒரேயடியாக விழாமல் 50.2-இலிருந்து ஹெர்ட்ஸுக்கு 40 சதவீதம் என்று சரிவாகக் குறைய வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். 2012-இல் பழைய இன்வெர்ட்டர்களையும் திருத்தச் சொல்லிச் சட்டம் வந்தது. பல நாட்டு விதிகளில் இன்று இருப்பதும் இதே மாதிரியான சரிவுதான். ஒரு பெரிய கட்டமைப்பில் எல்லா சோலாரும் பாதி குறைந்தாலே நிலைமை சீராகிவிடும். பூஜ்யம் வரை போக வேண்டிய தேவை அங்கே இல்லை. தனித்து நிற்கும் உங்கள் வீட்டுக்குள் அந்தத் தேவை தினமும் வருகிறது.

சரி, எதை மாற்றுவது? பொருத்துபவர்கள் பலர் உடனே சொல்வது "இன்வெர்ட்டரை மைக்ரோகிரிட் மோடுக்கு மாற்றிவிடலாம்" என்பது. பல இன்வெர்ட்டர்களில் MG50 போன்ற பெயரில் அப்படி ஒரு மோடு இருக்கிறது. கட்-ஆஃப் 53 ஹெர்ட்ஸுக்கு மேலே போய்விடும், 52.7-இல் உற்பத்தி பூஜ்யமாகும், கணக்கு ஒத்துவரும். வெளி லைனே இல்லாத இடத்துக்கு இது நல்ல வழி. உங்கள் வீட்டுக்கு நான் இதை முதலில் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் சோலார் இன்வெர்ட்டருக்கு வெளிக் கரண்ட் எது, பேட்டரி லைன் எது என்று வேறுபாடு தெரியாது. கரண்ட் இருக்கும் நேரத்திலும் அதே தளர்ந்த எல்லையோடுதான் அது வெளி லைனில் இணைந்திருக்கும். மின்வாரியத்தின் பாதுகாப்பு விதிக்கு அது பொருந்தாமல் போகலாம். எழுத்தில் அனுமதி இருந்தால் மட்டும் செய்யுங்கள். இன்னொன்று, 52.3 வரை போகும் லைனை உங்கள் யூபிஎஸ் நிச்சயம் விரும்பாது.

நான் சொல்வது வேறு. கட்-ஆஃப் 51.5 அப்படியே இருக்கட்டும். ட்ரூப்பை 5%-லிருந்து 2%-க்கு மாற்றச் சொல்லுங்கள். ஜெர்மன் விதியே 2 முதல் 12 வரை இடம் கொடுக்கிறது. உங்கள் இன்வெர்ட்டரில் சதவீதமாகவே எழுதியிருப்பதால் மாற்றக்கூடியதாக இருக்க வாய்ப்பு அதிகம். 50 ஹெர்ட்ஸில் 2% என்றால் 1 ஹெர்ட்ஸ். 50.2-இல் தொடங்கி 51.2-இலேயே உற்பத்தி பூஜ்யம். கட்-ஆஃபுக்கு இன்னும் 0.3 ஹெர்ட்ஸ் மிச்சம். அதே 4 கிலோவாட் வெயிலில் 600 வாட் லோடு இருந்தால் லைன் 51.05-இல் நிற்கும். இதுவும் மின்வாரியத்துக்குத் தெரிவித்துச் செய்ய வேண்டிய மாற்றம்தான், இன்ஸ்டாலர் பாஸ்வேர்டு இல்லாமல் உள்ளே போகவும் முடியாது. ஆனால் கரண்ட் இருக்கும்போது பாதுகாப்பு எல்லை எதையும் இது தளர்த்துவதில்லை என்பதால் அனுமதி கேட்பது எளிது.

கூடவே பேட்டரி இன்வெர்ட்டரிலும் கை வைக்க வேண்டும். அது எந்த ஹெர்ட்ஸில் உயர்த்த ஆரம்பிக்கிறது, எதுவரை போகிறது என்ற எண்கள் அங்கே தனியாக இருக்கும். சோலார் பக்கம் 50.2, 51.2, 51.5 என்றால், அங்கேயும் அதே மூன்று எண்கள் இருக்க வேண்டும். அதில் 52.7, 53 என்று பழைய எண்கள் கிடந்தால், ஒவ்வொரு அடியையும் பெரிதாக எடுத்துவைத்து 51.5-ஐத் தாண்டிவிடும், சோலார் பக்கம் செய்த திருத்தம் வீணாகும். ஒரு பக்கம் மட்டும் மாற்றிவிட்டு "சரியாகலையே" என்று கூப்பிடுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன்.

சரிவைச் செங்குத்தாக்கினால் ஒரு பக்கவிளைவு வரலாம். ஹெர்ட்ஸ் சின்னதாக அசைந்தாலே சோலார் பெரிதாக அசையும். அது கூடிக் குறைவதைப் பார்த்துப் பேட்டரி இன்வெர்ட்டரும் அசையும். இரண்டும் ஒன்றையொன்று துரத்தும். இரண்டு மூன்று நொடிக்கு ஒருமுறை எல்ஈடி விளக்கு மங்கித் தெளிவதும், செயலியில் சோலார் வாட் 300-க்கும் 900-க்கும் நடுவே ஊசலாடுவதும் அடையாளம். அப்படி வந்தால் 2.2%-க்குப் போங்கள், பூஜ்யம் 51.3-இல் விழும், இன்னும் இடம் இருக்கிறது. அதற்கு மேல் கட்-ஆஃபை நெருங்கிவிடும்.

இப்போது வீடு இருண்ட விஷயம். எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். ஹெர்ட்ஸ் உயர்வதும் சோலார் அதைப் பார்த்துக் குறைவதும் ஒரு நொடிக்குள் முடியும் வேலை இல்லை. ஒன்றிரண்டு நொடி ஆகும். அந்த இடைவெளியில் வரும் மிச்சம் முழுவதையும் பேட்டரிதான் தாங்க வேண்டும். 2.5 கிலோவாட் ஹீட்டரை அணைத்தீர்கள். இரண்டு நொடியில் பேட்டரிக்குள் போவது 1.4 வாட்-மணிதான், அது ஒன்றுமே இல்லை. ஆனால் அந்த இரண்டு நொடியும் 45 ஆம்பியர் அளவு கரண்ட், ஏற்கெனவே நிறைந்த பேட்டரிக்குள் திடீரென நுழைகிறது. உங்களுடையது 16 செல் கொண்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியாக இருக்க வேண்டும், 57.6 வோல்ட் என்றால் ஒரு செல்லுக்கு 3.60. இந்த வகைப் பேட்டரியின் உச்ச எல்லை 3.65. அந்த உயரத்தில் வோல்டேஜ் செங்குத்தாக ஏறும். 16 செல்லில் ஏதாவது ஒன்று மற்றவற்றைவிடக் கொஞ்சம் முந்தியிருந்தாலே போதும், அது 3.65-ஐத் தொட்டுவிடும், உடனே பேட்டரிக்குள் காவலுக்கு இருக்கும் பிஎம்எஸ் சர்க்யூட் பேட்டரியைக் கழற்றிவிடும். பேட்டரி போனால் லைனை உருவாக்குபவரும் இல்லை. சோலாரும் சேர்ந்து விழுந்து வீடு இருண்டுவிடும். பழைய லெட்-ஆசிட் பேட்டரியாக இருந்தால் கொஞ்சம் வாயுவை விட்டுவிட்டு அந்த அதிர்ச்சியை விழுங்கியிருக்கும். லித்தியத்தில் அந்தச் சலுகை கிடையாது.

இதற்கு மருந்து, மேலே இடம் விடுவது. சார்ஜ் வோல்டேஜை 57.6-லிருந்து 55.2-க்கு, அதாவது செல்லுக்கு 3.45-க்கு இறக்கலாமா என்று பேட்டரியின் கையேட்டைப் பார்த்துக் கேளுங்கள். 3.45-இலேயே இந்த வகை செல் கிட்டத்தட்ட நிறைந்துவிடும். கொள்ளளவில் பெரிதாக எதுவும் போகாது. ஆனால் திடீர் கரண்ட் வரும்போது பிஎம்எஸ் எல்லைக்கு முன் 3.2 வோல்ட் இடம் கிடைக்கும். செல்களைச் சமப்படுத்தும் வேலை எந்த வோல்டேஜில் தொடங்குகிறது என்பதையும் அதே கையேட்டில் பாருங்கள், 55.2 அதற்குக் கீழே போய்விடக் கூடாது.

அளவுப் பொருத்தத்தில் நீங்கள் சரியாக இருக்கிறீர்கள். சோலார் இன்வெர்ட்டரின் ஏசி அளவு பேட்டரி இன்வெர்ட்டரின் அளவைத் தாண்டக் கூடாது. இரண்டும் 5 என்பதால் எல்லையில் நிற்கிறீர்கள். இன்னொரு 2 கிலோவாட் சோலார் இன்வெர்ட்டர் சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். லோடு மொத்தமாக நின்ற நொடியில் 7 கிலோவாட்டும் 5 கேவிஏ பெட்டிக்குள் பின்னோக்கிப் பாயும். எந்த ட்ரூப் எண்ணாலும் அதைத் தடுக்க முடியாது.

யூபிஎஸ் கத்துவதற்கும் காரணம் இதே ஹெர்ட்ஸ்தான். 51.5 வரை போய், சோலார் விழும் சமயத்தில் இன்னும் மேலே எகிறும் லைனை அது கெட்ட கரண்ட் என்று கணக்கிட்டுத் தன் பேட்டரிக்கு மாறுகிறது. திருத்திய பிறகு லைன் 51.1 பக்கம் நிலையாக நிற்கும்; பல யூபிஎஸ்கள் அதை ஏற்றுக்கொள்ளும். அப்போதும் கத்தினால் அதன் மெனுவில் ஜெனரேட்டருக்கான அல்லது விரிந்த ஃப்ரீக்வென்சிக்கான அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். லைன் ஹெர்ட்ஸை எண்ணி ஓடும் பழைய டைமர் ஏதாவது வைத்திருந்தால், 51.2-இல் அது மணிக்கு ஒன்றரை நிமிடம் போல முந்தும். மற்றபடி வீட்டுச் சாமான்களுக்கு இந்த ஒரு ஹெர்ட்ஸால் கெடுதல் இல்லை.

பொருத்தியவர் வரும்வரை ஒரு தற்காலிக வழி சொல்கிறேன். மத்தியானம் கரண்ட் போய், பேட்டரி நிறைந்து, சோலார் விழுந்து எழ ஆரம்பித்தால், சோலார் இன்வெர்ட்டரின் ஏசி பிரேக்கரை நீங்களே அணைத்துவிடுங்கள். 600 வாட் லோடுக்குப் பேட்டரியில் 20 சதவீதம் குறையவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். 80 சதவீதம் பக்கம் வந்ததும் பிரேக்கரைப் போடலாம். ஹீட்டரைச் சும்மா எரியவிட்டு லோடை ஏற்றிச் சமாளிப்பதைவிட இது நல்லது. ஹீட்டர் தானாகத் தெர்மோஸ்டாட்டில் நிற்கும் நொடிதான் உங்கள் பேட்டரிக்கு மிக ஆபத்தான நொடி என்று மேலே பார்த்தோம்.

மாற்றிய பிறகு பொருத்தியவர் எதிரிலேயே சோதித்துவிடுங்கள். "செட் பண்ணிட்டேன்" என்ற வார்த்தையோடு அனுப்பிவிடாதீர்கள். நல்ல வெயில் நேரம், பேட்டரி 100 சதவீதம், மெயின் பிரேக்கரை அணையுங்கள். சாக்கெட்டில் செருகும் ஹெர்ட்ஸ் மீட்டர் ஒன்று இருந்தால் போதும். பேட்டரி இன்வெர்ட்டரின் திரையிலும் ஹெர்ட்ஸ் தெரியும். ஐந்து நிமிடம் காத்திருந்தால் சோலார் சேரும். சாதாரண லோடில் ஹெர்ட்ஸ் ஏறி 51-ஐ ஒட்டி நிற்க வேண்டும், சோலாரின் வாட்டும் வீட்டு லோடின் வாட்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு கெட்டிலையோ ஹீட்டரையோ போடுங்கள்: ஹெர்ட்ஸ் இறங்கி சோலார் ஏறும். 2.6 கிலோவாட் லோடு என்றால் 50.5 அல்லது 50.6 காட்டும். அப்புறம் அதை அணையுங்கள். ஹெர்ட்ஸ் ஒரு தடவை எகிறி மறுபடி 51-க்குத் திரும்பி, சோலார் விழாமல் நின்றால் வேலை முடிந்தது. அந்த நொடியில் பேட்டரி வோல்டேஜ் எதுவரை போகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 57-ஐத் தாண்டினால் சார்ஜ் வோல்டேஜை இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும்.

கடைசியாக மெயின் பிரேக்கரைத் திரும்பப் போட்டு, வீடு வெளிக் கரண்டுக்கு மாறுகிறதா என்றும் பாருங்கள். பேட்டரி இன்வெர்ட்டர் முதலில் 51-லிருந்து 50-க்கு இறங்கி, வெளி லைனோடு ஒத்துப்போன பிறகுதான் இணையும். அதற்கு விதிப்படியான காத்திருப்பும் உண்டு. பேட்டரி நிறைந்திருக்கையில் 50-க்கு இறங்கினால் சோலார் உடனே ஏறப் பார்க்கும் என்பதால் சில இன்வெர்ட்டர்கள் இந்த இடத்தில் தயங்கும். சில நிமிடம் ஆனால் பரவாயில்லை. பத்து நிமிடம் தாண்டியும் வீடு தனித்தே ஓடிக்கொண்டிருந்தால் அதையும் அன்றைக்கே பொருத்தியவரிடம் காட்டிவிடுங்கள். அது பேட்டரி இன்வெர்ட்டரின் மென்பொருள் பக்கம் பார்க்க வேண்டிய கோளாறு.